இறந்தவர் கையெழுத்து கேட்ட பத்திரம்: ஒரு கூட்டு நிறுவனக் கணக்கின் காகிதங்கள்

2024 ஜூலையில் ஒரு குடும்பத்தின் கூட்டு நிறுவனத்துக்குக் கணக்குத் தொடங்கும் படிவம் என் மேசைக்கு வந்தது. அப்போது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். புதிதாகத் தொடங்கும் நடப்புக் கணக்குகளின் காகிதங்களைக் கடைசியாகப் பார்த்து ஒப்புதல் தருவது என் வேலை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கவுண்டருக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் தமிழ்தான் பேசுவார்கள். வீடு இங்கே, தோப்பு அங்கே, ஆடிட்டர் பொள்ளாச்சியில் என்று இருக்கும் குடும்பங்கள். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் இந்தக் குடும்பத்தின் பெயர்களை விட்டுவிட்டேன், ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். காகிதங்களில் இருந்த சிக்கலை மட்டும் மாற்றவில்லை.

தேங்காய், கொப்பரை வியாபாரம் செய்யும் பார்ட்னர்ஷிப் நிறுவனம் அது. தலைமை அலுவலகம் பொள்ளாச்சிப் பக்கம். கேரள எல்லைக்குள் ஒரு கொப்பரைக் களமும் கிடங்கும் எடுத்திருந்தார்கள். இங்கிருந்து வாங்கும் சரக்குக்கு இங்கேயே பணம் கொடுக்க ஒரு கணக்கு வேண்டும், ஓணத்துக்கு முன் வேண்டும். அண்ணன், தம்பி இருவரும் வந்தார்கள். கணக்கை அண்ணன் ஒருவரே கையெழுத்துப் போட்டு நடத்துவார் என்று படிவத்தில் டிக் அடித்திருந்தது.

காகிதங்களை வாங்கிப் பார்த்த இளம் அதிகாரி நல்ல பையன், கவனமானவன். செக்லிஸ்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. பத்திரம் இருக்கிறது, பதிவுச் சான்று இருக்கிறது, நிறுவனத்தின் பான் கார்டு இருக்கிறது, ஜிஎஸ்டி சான்று இருக்கிறது, அண்ணன் தம்பி இருவரின் ஆதாரும் பானும் இருக்கின்றன. "சார், எல்லாம் சரியா இருக்கு, இன்னைக்கே ஓப்பன் பண்ணிடலாமா?" என்று கேட்டான். காகிதம் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

மூன்று காகிதம், மூன்று பட்டியல்

பார்ட்னர்ஷிப் காகிதங்களைக் கையில் எடுத்தால் நான் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, எந்தக் காகிதம் யாரையெல்லாம் பங்குதாரர் என்கிறது என்று எழுதிக்கொள்வேன். கூட்டு நிறுவனத்துக்கு கம்பெனி போலத் தனி உடல் கிடையாது. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி நிறுவனம் என்பது அந்தப் பங்குதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த பெயர்தான். அதனால் இன்றைய தேதிக்கு யார் யார் பங்குதாரர் என்பது தெரியாவிட்டால், நாம் யாருக்குக் கணக்குத் தொடங்குகிறோம் என்பதே தெரியாது.

முதல் பத்திரம் 2014-ல் எழுதியது. அப்பா 40 சதவீதம், அண்ணன் 30, தம்பி 30. நிறுவனப் பதிவாளரிடம் வாங்கிய பதிவேட்டு நகலிலும் இதே மூன்று பேர். 2021-ல் அப்பா இறந்துவிட்டார். அதே ஆண்டு ஒரு துணைப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். அதில் அண்ணன் 30, தம்பி 30, அம்மா 20, உடுமலையில் கட்டிக்கொடுத்த அக்கா 10. மீதி 10 சதவீதம் அண்ணனின் மகனுக்கு, 'வயது 16, மைனர், தந்தையே காப்பாளர்' என்று. கேரளத்தில் எடுத்த ஜிஎஸ்டி சான்றை அதற்குப் பிறகு பார்த்தேன். எண் 32-ல் தொடங்குகிறது, அது கேரளத்தின் குறியீடு. அடுத்த பத்து எழுத்தும் நிறுவனத்தின் பானோடு பொருந்துகிறது. அந்தச் சான்றின் 'பி' இணைப்பில் பங்குதாரர்களின் பெயரும் புகைப்படமும் இருக்கும். பலர் முதல் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுப்பார்கள். இணைப்பையும் கொண்டுவரச் சொல்லி வாங்கினேன். அதில் அண்ணன், தம்பி, அம்மா மூவர் மட்டும். அக்கா இல்லை.

பதிவேட்டில் இறந்தவரையும் சேர்த்து மூவர், துணைப் பத்திரத்தில் ஒரு மைனரோடு ஐவர், ஜிஎஸ்டியில் மூவர். கணக்குப் படிவத்தில் இருவர். இதில் எங்கும் ஏமாற்று இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். குடும்ப வியாபாரத்தில் ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு தேவைக்காக ஒவ்வொரு காலத்தில் வாங்கியது. யாரும் திரும்பிப் போய்ப் பழையதைத் திருத்துவதில்லை.

முதலில் தீர்க்க வேண்டியது, அப்பா இறந்த பிறகு நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்பது. சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். 2014 பத்திரத்தின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், 'பங்குதாரர் ஒருவர் இறப்பதால் நிறுவனம் கலையாது, மற்றவர்கள் தொடரலாம்' என்று ஒரு வரி இருந்தது. அது காப்பாற்றியது. இருவர் மட்டுமே இருந்து ஒருவர் இறந்திருந்தால் அந்த வரியும் உதவியிருக்காது, ஏனென்றால் மீதி ஒருவரை வைத்து ஒரு கூட்டு இருக்க முடியாது. இங்கே அண்ணன் தம்பி இருவர் மிஞ்சினார்கள், அதனால் அதே நிறுவனம், அதே பான் தொடர்வதில் தடை இல்லை. பான் கார்டில் இருந்த தேதியும் 2014 பத்திரத் தேதியும் ஒன்றுதான், நான்காவது எழுத்து நிறுவனத்துக்குரிய 'எஃப்'. வாரிசு என்பதால் மட்டும் அம்மாவும் அக்காவும் பங்குதாரர் ஆகிவிடவில்லை. துணைப் பத்திரத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதால் ஆனார்கள். அதனால் 2021 துணைப் பத்திரம்தான் இன்றைய பட்டியல் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவின் இறப்புச் சான்று நகலையும் கேட்டு வாங்கினேன்.

வங்கிக் கணக்கு பற்றிய அந்த வரி

இந்தக் கணக்கின் உண்மையான சிக்கல் கையெழுத்து அதிகாரத்தில் இருந்தது. 2014 பத்திரத்தின் பதினொன்றாவது பத்தி, ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் சொன்னால் இப்படி: நிறுவனத்தின் வங்கிக் கணக்குகளை முதல் பங்குதாரரும் மற்ற இருவரில் ஒருவரும் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்க வேண்டும். முதல் பங்குதாரர் என்றால் அப்பா.

துணைப் பத்திரத்தில் வங்கி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழாவது பத்தியில், 'இரண்டாம் பங்குதாரர் நிர்வாகப் பங்குதாரராக இருப்பார். அன்றாட வியாபாரத்தைக் கவனிப்பார், பில்களில் கையெழுத்திடுவார், வருமான வரி, ஜிஎஸ்டி அலுவலகங்களில் நிறுவனத்தின் சார்பில் ஆஜராவார்' என்று இருந்தது. இரண்டாம் பங்குதாரர் என்றால் அண்ணன். கடைசிப் பத்தியில் நாம் எல்லாப் பத்திரத்திலும் பார்க்கும் அந்த வழக்கமான வாக்கியம்: 'மூலப் பத்திரத்தின் மற்ற நிபந்தனைகள் அனைத்தும் மாற்றமின்றித் தொடரும்.'

பென்சிலால் பதினொன்றாவது பத்தியில் ஒரு கோடு, இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு கோடு போட்டு அந்தப் பையனிடம் காட்டினேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால், இந்த நிறுவனத்தின் கணக்கில் காசோலை போட மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனவரின் கையெழுத்து வேண்டும். அவன் இரண்டு தடவை படித்துவிட்டு, "மேனேஜிங் பார்ட்னர்னு போட்டிருக்கே சார், அவருக்கு அதிகாரம் இல்லையா?" என்றான். நியாயமான கேள்வி, பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். நிர்வாகப் பங்குதாரர் என்ற பட்டம் தானாகவே வங்கிக் கணக்கைத் தனியாக இயக்கும் உரிமையைத் தராது. ஏழாவது பத்தி அவர் என்னென்ன செய்யலாம் என்று எண்ணிச் சொல்கிறது. அதில் கணக்குத் தொடங்குவதும் இல்லை, காசோலையில் கையெழுத்திடுவதும் இல்லை. வங்கி பற்றிய பேச்சு மூலப் பத்திரத்தில் மட்டும் இருக்கிறது, அது இருவர் கையெழுத்து கேட்கிறது.

அண்ணன் மறுநாள் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், பொள்ளாச்சியில வேற பேங்க்ல அப்பா போனதுக்கப்புறம் நான் ஒருத்தன்தான் செக் போட்டுட்டு இருக்கேன். அவங்க ஒண்ணும் கேக்கலியே. நீங்க மட்டும் எதுக்குங்க இப்படிக் கேக்கறீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சட்டத்தில் 18-ஆம் பிரிவு ஒவ்வொரு பங்குதாரரையும் நிறுவனத்தின் ஏஜெண்ட் என்கிறது. 19-ஆம் பிரிவு, வழக்கமான வியாபாரத்தில் அவர் செய்வது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்கிறது. வெளியாள் ஒருவர் ஒரு பங்குதாரரை நம்பிச் சரக்குக் கொடுத்தால், உள்ளுக்குள் இவர்களுக்கு என்ன ஒப்பந்தம் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, பணம் கேட்கலாம். ஆனால் 20-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. பங்குதாரரின் அதிகாரத்துக்கு ஒப்பந்தத்தில் வரம்பு இருந்து, அந்த வரம்பு எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால், பிறகு அவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. மண்டிக்காரருக்கு இந்தப் பத்திரத்தை யாரும் காட்டுவதில்லை. வங்கியோ பத்திரத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தி, கோப்பில் வைத்துக்கொள்கிறது. வாங்கி வைத்த நிமிடத்திலிருந்து அதில் உள்ள வரம்பு வங்கிக்குத் தெரிந்ததாகிவிடும். நாளைக்குத் தம்பியோ அக்காவோ வந்து, 'இருவர் கையெழுத்து வேண்டும் என்று உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, எப்படி ஒருவர் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது. படிக்காமல் வாங்கி வைத்த பத்திரம் வாங்காததை விட ஆபத்து என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆனால் அவர் சொன்னதும் முழுக்கத் தவறில்லை. 11-ஆம் பிரிவுப்படி பங்குதாரர்கள் எல்லோரும் சம்மதித்தால் ஒப்பந்தத்தை மாற்றலாம், அந்தச் சம்மதம் எழுத்தில் இல்லாமல் நடைமுறையில் தெரிந்தாலும் போதும். மூன்று வருடம் அண்ணன் தனியாகக் காசோலை போட்டு மற்றவர்கள் பேசாமல் இருந்தால், ஒப்பந்தம் மாறிவிட்டது என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். ஆனால் அது வாதம். அம்மாவும் அக்காவும் பேசாமல் இருந்தது சம்மதத்தாலா, தெரியாததாலா என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதனால், எல்லோரும் கையெழுத்திட்டு வங்கி இயக்கம் பற்றித் தெளிவாக ஒரு பத்தி எழுதிய இன்னொரு துணைப் பத்திரம் வேண்டும் என்றேன். எல்லோரும் சேர்ந்து எங்கள் படிவத்திலேயே கையெழுத்திட்டால் போதாதா என்று அவர் கேட்டார். பத்திரத்தில் வங்கி பற்றி எதுவுமே இல்லாமல் இருந்திருந்தால் போதும் என்றிருப்பேன். பத்திரம் ஒன்று சொல்லி படிவம் வேறு சொன்னால், பத்திரத்தைத்தான் திருத்தச் சொல்வேன்.

10 சதவீதம், 16 வயது

ஆட்களின் அடையாளக் காகிதங்களுக்கு வருவோம். எங்கள் கிளையிலேயே ஒரு கருத்து வேறுபாடு வந்தது. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளில், கூட்டு நிறுவனத்தின் மூலதனத்திலோ லாபத்திலோ 10 சதவீதத்துக்கு மேல் உரிமை உள்ளவர் உண்மைப் பயனாளி என்று கணக்கு. 2023-க்கு முன் இது 15 சதவீதம். அக்காவுக்கும் அண்ணன் மகனுக்கும் சரியாக 10. மேல் என்றால் 10 வராது, ஆகவே அவர்களின் காகிதம் தேவையில்லை என்று ஒரு சக அதிகாரி சொன்னார். விதியை அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

ஆனால் அந்த வரம்பு, பின்னால் இருந்து நிறுவனத்தை ஆட்டுவிப்பவர் யார் என்று கண்டுபிடிக்க வைத்தது. எங்களுக்கு வேறு ஒரு தேவையும் இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது எல்லாப் பங்குதாரரும் ஒரு கூட்டுக் கடிதத்தில் கையெழுத்திடுகிறார்கள். நிறுவனம் பட்ட கடனுக்கு நாங்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது அதன் சாரம், சட்டத்தின் 25-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 10 சதவீதப் பங்குதாரரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம். கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று காட்டும் காகிதம் இல்லாமல் அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு? அதனால் ஐந்து பேரின் காகிதமும் வேண்டும், ஐந்து பேரும் ஒரு தடவை நேரில் வர வேண்டும் என்று நின்றேன்.

ஐந்தாவது ஆள் யார் என்பதில் அண்ணனுக்கே தெளிவில்லை. "பையன் மைனருங்க, அவன் எதுக்கு?" என்றார். துணைப் பத்திரத்தில் 2021-ல் வயது 16. இது 2024. ஆதாரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், 2022 டிசம்பரிலேயே 18 முடிந்துவிட்டது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான்.

மைனரைப் பங்குதாரர் ஆக்க முடியாது, எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் சேர்க்கலாம் என்பது 30-ஆம் பிரிவு. அவன் மைனராக இருக்கும்வரை நிறுவனத்தின் கடனுக்கு அவனுடைய பங்கு மட்டும் பொறுப்பு, அவன் பொறுப்பில்லை. 18 முடிந்ததும், அல்லது தன்னை லாபத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் 'பங்குதாரர் ஆகிறேன்' அல்லது 'ஆகவில்லை' என்று பொது அறிவிப்புத் தர வேண்டும். எதுவுமே செய்யாமல் விட்டால் ஆறு மாதம் முடிந்ததும் சட்டம் அவனைப் பங்குதாரர் ஆக்கிவிடும். அப்படி ஆகும்போது, லாபத்தில் சேர்த்த நாளிலிருந்து நிறுவனம் வெளியாருக்குப் பட்ட கடனுக்கெல்லாம் அவன் சொந்தப் பொறுப்பாகிறான். இந்தப் பையனின் கணக்கில் அது 2021-லிருந்து.

இதைச் சொன்னபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆடிட்டர் பங்கைப் பிரித்து எழுதச் சொன்னார், எழுதினோம், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பையனுக்குத் தெரிந்து ஆறு மாதம் ஆயிற்றா என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. எங்கள் வக்கீலிடம் கேட்டோம். பையன் தன் விருப்பத்தைப் புதிய துணைப் பத்திரத்தில் தெளிவாக எழுதிக் கையெழுத்திடட்டும், விலகுவதானால் முறைப்படி அறிவிப்புத் தந்து விலகட்டும், இரண்டில் ஒன்று முடியும்வரை கணக்கு வேண்டாம் என்றார்.

அக்கா வந்த நாள்

ஒரு சனிக்கிழமை அக்கா உடுமலையிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய காகிதத்தில் ஒரு முடிச்சு. பத்திரத்திலும் பான் கார்டிலும் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் பெயர். 1990-களில் கோயிலில் நடந்த கல்யாணம், பதிவுச் சான்று கிடையாது. திருமணச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ இருந்தால் பெயர் மாற்றத்தை ஏற்கலாம், இரண்டும் இல்லை. ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார், அது ஏற்கத்தக்க ஆவணப் பட்டியலில் வராது. "பாஸ்போர்ட் இருக்குங்களாம்மா?" என்று கேட்டேன். மகளைப் பார்க்கப் போக எடுத்தது வீட்டில் இருக்கிறது என்றார். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரும் கணவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். கணவர் அதைப் படம் எடுத்து அனுப்பினார், அசலைத் திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்த்து 'அசலுடன் சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆதார் நகலில் முதல் எட்டு எண்ணையும் மறைத்துத்தான் கோப்பில் வைத்தோம்.

அம்மா தமிழில் கையெழுத்திடுவார். எங்கள் படிவத்தில் ஆங்கிலமும் இந்தியும் மலையாளமும் இருந்தன, தமிழ் இல்லை. நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லி, சொன்னதற்கு ஒரு உறுதிமொழியும் சேர்த்தேன். கூட்டுக் கடிதத்துக்கு வந்தபோது, அம்மா தலையாட்டினார். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, தம்பிங்க கடன் வாங்கிக் கட்டலைன்னா என்கிட்ட வருவாங்களா சார்?"

"வரலாம்மா. உங்க பங்கு பத்து சதவீதம்னாலும் முழுசுக்கும் கேக்கலாம்."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே. முன்னாடி கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். அப்பா சொத்துல பங்குன்னு நெனச்சேன்."

அவர் அன்று கையெழுத்திடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். அண்ணனுக்கு வருத்தம், ஓணம் போய்விடும் என்ற பதற்றம் வேறு. என் மேலதிகாரிக்கும் கணக்கு கைவிட்டுப் போகிறதே என்று இருந்தது. எனக்கு அக்கா அப்படிக் கேட்டது நிறைவாக இருந்தது. எல்லாப் பங்குதாரரையும் நேரில் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது கையெழுத்தை ஒப்பிட மட்டும் இல்லை. தான் எதில் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்க வேறு இடம் கிடையாது.

எழுத முடிந்ததும் நடத்த முடிந்ததும்

ஒரு வாரம் கழித்துக் குடும்பமாகப் பேசி முடிவெடுத்து வந்தார்கள். அக்கா பங்குதாரராகத் தொடர்கிறார், ஆனால் ஒரு நிபந்தனை: பெரிய தொகை ஒருவர் கையெழுத்தில் போகக் கூடாது. பையன் பங்குதாரர் ஆகிறேன் என்று எழுதித் தருகிறான். ஆடிட்டர் எழுதிய வரைவில் வங்கிப் பத்தி இப்படி இருந்தது: ஒரே நாளில் மொத்தம் 2 லட்சம் ரூபாய் வரை நிர்வாகப் பங்குதாரர் தனியாக, அதற்கு மேல் மற்றொருவருடன் கூட்டாக.

நல்ல நோக்கம், ஆனால் எங்களால் நடத்த முடியாது. வெளி வங்கிகளிலிருந்து வரும் காசோலைகளின் கையெழுத்தைக் கிளையில் பார்ப்பதில்லை. வேறு ஊரில் ஒரு மையத்தில், திரையில் வரும் காசோலைப் படத்தையும் கையெழுத்துப் பதிவையும் வைத்து ஒருவர் பார்க்கிறார். அவர் அந்த ஒரு காசோலையைப் பார்க்கிறார், அன்றைக்குக் காலையில் எத்தனை போயிற்று என்று கூட்டிப் பார்ப்பதில்லை. வங்கியால் கவனிக்க முடியாத நிபந்தனையைக் கோப்பில் வாங்கி வைத்தால், அதை மீறிய ஒவ்வொரு நாளும் வங்கியின் தவறாகிவிடும். 20-ஆம் பிரிவு பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

தொகையை ஒரு காசோலைக்கு இவ்வளவு என்று மாற்றச் சொன்னேன். அப்படியானால் 1.90 லட்சத்தில் மூன்று காசோலை எழுதினால் என்ன செய்வது என்று தம்பி கேட்டார். சரியான கேள்வி, அதற்கு வங்கியிடம் மருந்து இல்லை என்று ஒளிக்காமல் சொன்னேன். கடைசியில் வரம்பை 1 லட்சத்துக்கு இறக்கினார்கள். ஒரு காசோலைக்கு 1 லட்சம் வரை அண்ணன் தனியாக, அதற்கு மேல் அண்ணனும், தம்பி அல்லது அக்காவில் ஒருவரும். இறந்த அப்பாவைக் குறிக்கும் பதினொன்றாவது பத்தி நீக்கப்படுகிறது என்று பெயர் சொல்லி எழுதச் செய்தோம். கடன் வாங்க ஐந்து பேரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று அக்காவுக்காக இன்னொரு வரி. ஐவரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டார்கள்.

இதற்கு அப்புறம் நானே கிட்டத்தட்ட ஒரு தவறு செய்தேன். கணக்கைத் திறக்கும் திரையில் இயக்க முறைக்கு ஒரு குறியீடுதான் கொடுக்கலாம். 'தனியாக' அல்லது 'கூட்டாக'. தொகையைப் பொறுத்து மாறும் என்று சொல்ல அங்கே இடமில்லை. 'கூட்டாக' என்று போட்டு, நிபந்தனையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, மூவரின் கையெழுத்தோடு ஒரே படமாக ஸ்கேன் செய்து ஏற்றினோம். மையத்தில் இருப்பவர் கையெழுத்தைத் திறந்தால் நிபந்தனையும் கண்ணில் படும். இது வரை சரி. படிவத்தின் நான்காம் பக்கத்தில் இணைய வங்கி, மொபைல் ஆப், டெபிட் கார்டு மூன்றுக்கும் முதல் நாளே அண்ணன் டிக் அடித்திருந்தது அப்படியே இருந்தது. பையன்தான் கேட்டான், என் கீழ் வேலை பார்த்த அந்த அதிகாரி: "சார், ஆப்ல ஒருத்தரே அஞ்சு லட்சம் அனுப்பிடலாமே, அதுக்கு ரெண்டு கையெழுத்து எங்க இருக்கு?"

பத்திரத்தில் நாலு வாரம் உழைத்து எழுதிய வரம்பு அந்த மூன்று டிக்கில் ஓட்டையாகியிருக்கும். கார்டையும் ஆப்பையும் அடித்து, ஐவரிடமும் சுருக்கொப்பம் வாங்கினோம். இணைய வங்கியில் அண்ணன் பதிவு செய்வார், தம்பி தன் போனில் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும் என்ற இருவர் முறையை மட்டும் கொடுத்தோம். அங்கே தொகை வரம்பும் வைக்கலாம், வைத்தோம்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கணக்கு திறந்தது. ஓணக் கொள்முதலில் பாதி அதற்குள் பொள்ளாச்சிக் கணக்கிலிருந்தே போய்விட்டது. அந்தக் கணக்கையும் புதிய பத்திரத்தின்படி மாற்றிவிடுமாறு அண்ணனிடம் சொன்னேன், அதற்கு மேல் அது என் வேலை இல்லை.

செப்டம்பர் கடைசியில் மையத்திலிருந்து ஒரு காசோலை திரும்பியது, 1,35,000 ரூபாய், அண்ணன் கையெழுத்து மட்டும். அவர் போன் செய்தார். "மறந்துட்டனுங்க சார், பழைய பழக்கம்" என்றார். அடுத்த நாள் தம்பியின் கையெழுத்தோடு அது திரும்ப வந்தது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. நிறுவனப் பதிவாளரிடம் அப்பாவின் பெயரை நீக்கி, புதிதாக வந்தவர்களைச் சேர்க்க 63-ஆம் பிரிவின்படி தகவல் கொடுத்த ரசீதை வைத்துத்தான் கணக்கைத் திறந்தோம், திருத்திய நகலைப் பிறகு தருவதாக எழுதி வாங்கியிருந்தோம். நினைவூட்டல் குறிப்பேட்டில் மாதம் ஒரு தடவை எழுதி, இரண்டு தடவை போன் செய்தோம். நவம்பரில் நகல் வந்தது, ஐந்து பெயர். கோப்பில் பழைய நகலின் மேலேயே அதைக் குத்தி வைத்தேன், பழையதை எடுக்கவில்லை.